‘கர்ப்பப்பையில் கட்டி’ என்றால் எந்தக் கட்டி? அடினோமயோசிஸை ஃபைப்ராய்டிலிருந்தும் எண்டோமெட்ரியோசிஸிலிருந்தும் பிரித்து அறிவது

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், நாற்பது வயதைத் தொட்ட பெண்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், யாராவது ஒருவர் ‘கர்ப்பப்பையில் கட்டியாம்’ என்று சொல்வார். கேட்பவர், ‘எடுத்துடு, சரியாயிடும்’ என்பார். இன்னொருவர், ‘என் நாத்தனாருக்கும் அதேதான், கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க’ என்பார். மூன்று பேரும் ஒரே நோயைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கலைவார்கள். ஆனால் மூன்று பேர் மனதிலும் இருந்தது மூன்று வேறு நோய்களாக இருந்திருக்கலாம்.

அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டில், முப்பது ஆண்டு மிஸ்ஸியாக வேலை பார்த்தவள் நான். இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் வலியைத் தாங்கியவர்களையும், ‘ஸ்கேனில் கட்டி இல்லை’ என்று கேட்டுவிட்டு வீடு திரும்பி, அடுத்த ஆறு மாதம் ரத்தம் இழந்தவர்களையும் நிறைய பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மூன்றிலும் குறைவாகப் பேசப்படுவது அடினோமயோசிஸ். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தானாகப் பிடிபடும்.

## முதலில், ஒரு சாதாரணக் கர்ப்பப்பை

கொய்யாப்பழத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கர்ப்பப்பை ஏறக்குறைய அந்த வடிவம்தான். பிள்ளை பெறாத பெண்ணுக்கு அதன் நீளம் 7 முதல் 8 செ.மீ. இருக்கும், பிள்ளை பெற்றவருக்குக் கொஞ்சம் கூடும். சுவர் முழுக்கத் தசை. உள்ளே ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியின் மேல்பூச்சாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதை உள்சவ்வு என்று வைத்துக்கொள்வோம்.

மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்த உள்சவ்வைத் தடிக்க வைக்கிறது. கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கிவிடும், உள்சவ்வு உரிந்து ரத்தத்தோடு வெளியேறும். அதுதான் மாதவிடாய்.

வரும் ரத்தம் நிற்பது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சவ்வு உரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கும். அவற்றின் வாயில் ரத்தம் உறைந்து அடைக்கும். சுற்றியுள்ள தசையும் இறுகும். தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சும்போது மடக்கிப் பிடித்தால் நின்றுவிடுகிறதே, தசை செய்வதும் அந்த மாதிரி வேலைதான். தசையை இறுகச் சொல்லும் ரசாயனத்துக்கு புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். அது அளவோடு இருந்தால் லேசான வயிற்றுவலி, அளவு மீறினால் சுருண்டு படுக்கும் வலி.

ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லி. இரண்டு, மூன்று மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். வீட்டில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் கேட்கும் கேள்விகள் சில இருக்கின்றன. பெரிய பேடை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா? பழைய 50 சென் காசு அளவுக்குக் கட்டி கட்டியாக வருகிறதா? ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா?

அந்தக் கட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சதை துண்டு துண்டா வருது’ என்று பயந்து வருவார்கள். பெரும்பாலும் அது சதை இல்லை, உறைந்த ரத்தம். சாதாரணமாக, உறையும் ரத்தத்தைக் கர்ப்பப்பையே கரைத்து அனுப்பிவிடும். ரத்தம் வேகமாகக் கொட்டும்போது கரைக்க நேரம் போதாமல் கட்டியாகவே வெளியே வருகிறது. ஆகவே கட்டி வந்தால், ஓட்டம் வேகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றே ஒன்று, மாதவிடாய் தள்ளிப்போய்ப் பிறகு இப்படி வந்தால் கர்ப்பம் கலைந்ததாகவும் இருக்கலாம், அதை முதலில் சோதித்துவிட வேண்டும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே ஒரு சவ்வு, சுற்றிலும் தசைச்சுவர், குழாய்கள் சுருங்கி, ரத்தம் உறைந்து, தசை இறுகி ரத்தம் நிற்கிறது. இதில் எங்கே, எப்படிக் கெட்டுப்போகிறது என்பதில்தான் மூன்று நோய்களும் பிரிகின்றன.

## சப்பாத்தி மாவில் கோலிக்குண்டும் எள்ளும்

சப்பாத்திக்குப் பிசைந்த மாவை உருட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்குள் ஒரு கோலிக்குண்டைத் திணித்துவிட்டால் மாவு அந்த இடத்தில் புடைக்கும். கையால் தடவினாலே குண்டு எங்கே என்று தெரியும். மாவைக் கீறி, குண்டை அப்படியே நழுவ வைத்து எடுத்துவிடலாம். மாவு மாவாகவே இருக்கும்.

ஃபைப்ராய்டு என்பது இந்தக் கோலிக்குண்டு. கர்ப்பப்பைத் தசையின் ஒரே ஒரு உயிரணு மாறி, பெருகிப் பெருகி உருண்டையாக வளர்கிறது. அதைச் சுற்றி, அமுங்கிய தசையால் ஆன உறை போன்ற எல்லை உண்டு. அது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக இருப்பது மிகவும் அரிது.

இப்போது இன்னொரு உருண்டை மாவு. இதில் எள்ளைக் கொட்டிப் பிசைந்துவிட்டீர்கள். எள் எங்கே இருக்கிறது? எல்லா இடத்திலும். மாவு உருண்டை கொஞ்சம் பெருத்திருக்கும், தனியாக எந்தப் புடைப்பும் இருக்காது. கீறி எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? எள்ளை எடுக்க வேண்டுமானால் மாவையே பிய்த்தெறிய வேண்டும்.

அதுதான் அடினோமயோசிஸ். உள்சவ்வு தன் எல்லையைத் தாண்டி, தசைச்சுவருக்குள்ளேயே தீவு தீவாகப் புகுந்துவிடுகிறது. அது கட்டியே இல்லை, ஊறல் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். தீவுகளைச் சுற்றித் தசையும் தடித்துப்போவதால் கர்ப்பப்பை முழுசாக உப்பி, கொய்யா வடிவம் போய்ப் பந்து போல உருண்டுவிடும். டாக்டர் ‘கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கு’ என்று போகிற போக்கில் சொல்லியிருந்தால், அந்த வீக்கம் இதுவாக இருக்கலாம். என்ன வீக்கம் என்று நின்று கேளுங்கள்.

எண்டோமெட்ரியோசிஸுக்கு மாவு உதவாது, செம்பனைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்காமல் விட்டால் வாய்க்கால் ஓரத்திலும் பாதையிலும் கண்ட இடத்தில் முளைத்துவிடும் அல்லவா? அப்படித்தான் உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும், வயிற்றின் உட்புறத்திலும், குடலுக்குப் பக்கத்திலும் முளைத்துக் கிடக்கிறது. மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. சிலருக்கு மட்டும் அது அங்கே வேர் பிடிக்கிறது. பிடிப்பதற்கான காரணம் இது ஒன்று மட்டும் இல்லை, ஆனாலும் படம் புரிய இது போதும்.

சுருக்கமாக: சுவருக்குள் தனிக் குண்டு என்றால் ஃபைப்ராய்டு, சுவருக்குள் ஊறிய சவ்வு என்றால் அடினோமயோசிஸ், சுவருக்கு வெளியே முளைத்த சவ்வு என்றால் எண்டோமெட்ரியோசிஸ்.

## ஒவ்வொன்றும் எப்படி ரத்தத்தையும் வலியையும் கூட்டுகிறது

ஃபைப்ராய்டில் அளவைவிட இடம்தான் முக்கியம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உள்சவ்வுக்கு அடியில், இடைவெளிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் 2 செ.மீ. குண்டு பெண்ணை ரத்தசோகையில் தள்ளிவிடும். கர்ப்பப்பையின் வெளிப்புறத்தில் தொங்கும் 6 செ.மீ. குண்டு ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடக் கூட்டாமல் இருக்கலாம். அது சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வைக்கும், அல்லது குடலை அழுத்தி மலச்சிக்கல் தரும். ஃபைப்ராய்டு உள்ளவர்கள் பெரும்பாலும் ‘ரத்தம் ஜாஸ்தி, வயிறு கனமா இருக்கு’ என்பார்கள். தாங்க முடியாத வலி அதன் வழக்கமான அடையாளம் இல்லை. குண்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து உள்ளுக்குள் அழுகும்போதோ, காம்போடு தொங்கும் குண்டு முறுக்கிக்கொள்ளும்போதோ திடீர் வலி வரும்.

எண்டோமெட்ரியோசிஸ் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அங்கே வலிதான் முன்னால் நிற்கும். வெளியே முளைத்த திசுவும் மாத ஹார்மோனுக்கு ஆடும், அதைச் சுற்றி அழற்சி உண்டாகும், காலப்போக்கில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலி மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தொடங்கலாம். உறவின்போது ஆழத்தில் வலி, மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, பிள்ளை தங்காதது, இவையெல்லாம் அதன் பக்கம் கை காட்டும். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கி, முப்பதுகளில்தான் பெயர் கிடைக்கிறது. அதுவரை ‘பொம்பளப் பிள்ளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்’ என்ற பேச்சோடு காலம் போய்விடும். உலக சுகாதார நிறுவனம், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் ஒருவருக்கு ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டினால், கூடவே அடினோமயோசிஸும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

அடினோமயோசிஸில் ரத்தம், வலி இரண்டும் சேர்ந்தே வரும். முன்பு சொன்ன ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் தீவுகள் ஊறிவிட்டதால் தசை நினைத்தபடி ஒரே சீராக இறுக முடிவதில்லை. கர்ப்பப்பை உப்பியதால் உரியும் பரப்பு கூடிவிடுகிறது. ரத்தக்குழாய்களும் அங்கே கூடுதல். மடக்கிப் பிடிக்கும் கை தளர்ந்து, குழாயும் பெரிதாகிவிட்ட நிலை இது. புரோஸ்டாகிளாண்டினும் வழக்கத்தைவிட அதிகம் சுரப்பதால் தசை வலிக்க வலிக்கச் சுருங்குகிறது. சுவருக்குள் மாட்டிக்கொண்ட தீவுகளும் மாதாமாதம் வீங்குகின்றன, அந்த வீக்கத்துக்கு வெளியே போக வழி கிடையாது. பிரசவ வலி மாதிரி இடுப்பைப் பிடித்து இழுக்கிறது, தொடை வரை இறங்குகிறது என்று சொல்வார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அடினோமயோசிஸ் உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

ஏன் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இது அதிகம் தெரிகிறது? மூன்றுக்கும் தீனி ஈஸ்ட்ரோஜன்தான், அது பல ஆண்டு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பிள்ளைப்பேறு, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு அடினோமயோசிஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவேயுள்ள எல்லை அப்போது காயப்படுவது காரணமாக இருக்கலாம். நாற்பதுகளில் சில மாதம் கருமுட்டை வராது. அப்போது புரோஜெஸ்டிரோன் கிடைக்காமல் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே சவ்வைத் தடிக்க வைப்பதால், உள்ளே இருக்கும் நோய் எதுவானாலும் ரத்தம் இன்னும் கூடும். மாதவிடாய் நின்றபின் மூன்றுமே பொதுவாக அடங்கிவிடும்.

ஆக, ரத்தமும் பாரமும் என்றால் ஃபைப்ராய்டை நினையுங்கள். முன்கூட்டியே வரும் ஆழ்ந்த வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ். ரத்தமும் பிரசவ வலி மாதிரியான வலியும் சேர்ந்து, வயது முப்பத்தைந்துக்கு மேல் என்றால் அடினோமயோசிஸ். இது யூகம் மட்டுமே, ஸ்கேன் செய்யாமல் முடிவுகட்ட முடியாது.

## நாற்றங்காலில் வேலை செய்த ஒரு தங்கச்சி

பெயர் வேண்டாம். செம்பனை நாற்றங்காலில் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை. வயது 41, இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன் பிரசவம். என் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கிறாள். ஒருநாள் மதியம் வாசலில் உட்கார்ந்து ஐஸ் கட்டியைக் கடித்து மென்றுகொண்டிருந்தாள். வெயில்தானே என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அவள் ஒரு தட்டு முடித்து, இரண்டாவது தட்டை எடுத்துவரப் போனாள்.

‘எத்தனை நாளா இப்படி ஐஸ் தின்னுறே?’ என்று கேட்டேன்.

‘ஒரு வருஷம் இருக்கும்க்கா. திங்காட்டி மனசு அடங்க மாட்டேங்குது.’

இரும்புச்சத்து வற்றியவர்களுக்கு இப்படி ஐஸ் மெல்லும் ஆசை வரும், வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. மெதுவாகக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. மூன்று வருடமாக எட்டு நாள் போகிறது. முதல் மூன்று நாள் இரண்டு பேடைச் சேர்த்து வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் தாங்காது. வேலைக்குப் போகும் வேனில் கருப்புத் துண்டை விரித்து உட்காருவாள். இரண்டாம் நாள் எம்.சி. எடுப்பது வழக்கமாகிவிட்டது.

அதற்கு முன்பே ஒரு கிளினிக்கில் வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்து, ‘4 செ.மீ. ஃபைப்ராய்டு’ என்று சொல்லியிருந்தார்கள். அவளும் வீட்டாரும் ‘அந்தக் கட்டியை எடுத்துடலாம்’ என்ற முடிவில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசு கிளினிக்கில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஈப்போவில் மகளிர் நிபுணரிடம் அனுப்பினார்கள். அங்கே பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்கு மிக அருகில் போய்ப் பார்ப்பதால் அதில் சுவரின் தன்மையே தெரியும். கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பொதுவாக இதைச் செய்யமாட்டார்கள், வயிற்றின் மேல் வைத்து எடுப்பதும் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் உண்டு.

அந்தப் படத்தில் கர்ப்பப்பை நீளம் 11 செ.மீ. முன்சுவரின் தடிமன் 1.9 செ.மீ., பின்சுவர் 3.8 செ.மீ. ஒரு பக்கம் இரண்டு மடங்கு. தடித்த சுவருக்குள் கடுகு போலச் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள், விசிறி விரித்தது போல நிழல் கோடுகள். முதல் ஸ்கேனில் 4 செ.மீ. என்று அளந்தது இந்தப் பின்சுவரைத்தான். நிபுணர் அவளுக்குத் திரையைக் காட்டி, ‘ஃபைப்ராய்டுன்னா ஒரு விளிம்பு இருக்கும், ரத்தக்குழாய் அதைச் சுத்திப் போகும். இங்க விளிம்பே இல்ல, குழாய் நடுவால ஊடுருவிப் போகுது’ என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நோய்க்கும் உள்ள வித்தியாசம் அடங்கிவிட்டது.

வெளிப்புறத்தில் 1.5 செ.மீ. ஃபைப்ராய்டு ஒன்றும் உண்மையிலேயே இருந்தது. அது இருந்த இடத்தைப் பார்த்தால் இந்த ரத்தத்துக்கு அது காரணம் இல்லை. அதை மட்டும் எடுத்திருந்தால் வடு மிஞ்சியிருக்கும், ரத்தம் போவதும் நின்றிருக்காது. ‘கட்டியை எடுத்தும் சரியாகவில்லை’ என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவளுக்குச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருந்ததால், உள்சவ்விலிருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்சவ்வுப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வதற்காக. சுத்தமாக வந்தது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுபவர்களுக்கும் டாக்டர் இதைக் கேட்டால் மறுக்க வேண்டாம். மாதவிடாய் அடியோடு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

இவள் கதையில் கவனிக்க வேண்டியது, முதல் ஸ்கேன் பொய் சொல்லவில்லை. தடித்த இடத்தைப் பார்த்தது, அதற்கு வைத்த பெயர்தான் தவறு. அடினோமயோசிஸ் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்போது ஃபைப்ராய்டு போலவே தெரியும். எண்டோமெட்ரியோசிஸில் தவறு வேறு விதமாக நடக்கும்: சினைப்பையில் நீர்க்கட்டி போல இருந்தால் ஸ்கேனில் தெரியும், வயிற்றின் உட்புறத்தில் தேமல் போலப் படர்ந்தது தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் வலி ஒவ்வொரு மாதமும் ஆளைச் சாய்த்தால், லேப்ராஸ்கோப்பி என்ற துளை வழிப் பரிசோதனை வரை பேச உங்களுக்கு உரிமை உண்டு.

## சிகிச்சை எங்கே பிரிகிறது

சுவருக்குள் இருப்பது குண்டா, எள்ளா என்பது இங்கேதான் கைக்காசையும் உடம்பையும் தொடுகிறது. ஃபைப்ராய்டைத் தோண்டி எடுத்துக் கர்ப்பப்பையைத் தைத்துவிடலாம். இடைவெளிக்குள் துருத்தியதை வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே செதுக்கி எடுக்கலாம். எண்டோமெட்ரியோசிஸில் வெளியே முளைத்ததை லேப்ராஸ்கோப்பியில் நீக்கலாம், மறுபடி முளைக்கவும் கூடும். பரவிய அடினோமயோசிஸை அப்படித் தனியாக எடுக்க வழி அரிது. அதை முழுசாக ஒழிப்பது கர்ப்பப்பையை அகற்றுவது ஒன்றுதான். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் நிறைய படி இருக்கிறது, அந்தப் படிகளை யாரும் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

முதல் படி, மாதவிடாய் நாட்களில் மட்டும் போடும் மாத்திரைகள். டிரானெக்ஸாமிக் ஆசிட் உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கும், ஓட்டத்தைப் பாதியளவுக்குக் குறைக்கக்கூடும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் அதைப் போடக்கூடாது. மெஃபனாமிக் ஆசிட், நாம் பான்ஸ்டன் என்று கேட்டு வாங்குவது, புரோஸ்டாகிளாண்டினையே குறைப்பதால் வலிக்கும் நல்லது, ரத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். வலி உச்சத்துக்குப் போனபின் போட்டால் பாதிப் பலன்தான், தொடங்கும்போதே போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

அடுத்த படிதான் எங்கள் தங்கச்சிக்குக் கொடுத்தது: லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை மெதுவாகக் கசியவிடும், காயில் என்று நாம் சொல்லும் சிறு கருத்தடைச் சாதனம். கர்ப்பப்பைக்குள்ளேயே வைப்பார்கள். காயில் என்றதும் அவள் மாமியார் சம்மதிக்கவில்லை. ‘என் காலத்துல காயில் வச்சுத்தான் ரத்தம் கொட்டுச்சு’ என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துச் செம்புக் காயில் ரத்தத்தைக் கூட்டும். ஹார்மோன் காயில் உள்சவ்வை மெலியவைப்பதால் ரத்தத்தைக் குறைக்கும். வடிவம் ஒன்று, வேலை எதிரெதிர். இதை அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னபோது புரிந்துகொண்டார்.

அதிலும் பிரச்சினைகள் உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் கண்ட நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படும். பலர் ‘இது ஒத்துக்கல’ என்று அந்த நேரத்தில்தான் எடுத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை ரொம்ப உப்பியிருந்தால் காயில் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே பத்து, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது நல்லது. காயில் ஒத்துவராதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரைகளும், ஊசியும் இருக்கின்றன. பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி எல்லாமே மாறும், அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் போவதை நிறுத்தினால் மட்டும் போதாது, போனதை நிரப்பவும் வேண்டும். அவளுக்கு ஹீமோகுளோபின் ரொம்பக் கீழே இருந்ததால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. அந்த மாத்திரையைத் தே தாரிக்கோடு சேர்த்து விழுங்குவதுதான் இங்கே நான் அதிகம் காணும் தவறு. தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. தேநீருக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒன்று, இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுப் பச்சைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ விழுங்க வேண்டும். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

நான்கு மாதம் அவள் திட்டாத நாள் இல்லை, தினமும் லேசாகக் கறை. ஒரு சின்ன நோட்டில் எத்தனை பேட், எந்த நாள் வலி என்று குறிக்கச் சொன்னேன். ஐந்தாம் மாதம் மூன்றே பேட். ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 11.8. வலி முழுசாகப் போகவில்லை, இரண்டாம் நாள் இன்னும் இடுப்பைப் பிடிக்கிறது, ஒரு பான்ஸ்டனில் அடங்கிவிடுகிறது. ஐஸ் தட்டு பிரிட்ஜில் அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் சிரப் தண்ணீருக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் காயிலுக்கு ஐந்து ஆண்டு ஆயுள். மாற்றும்போது அவளுக்கு 46 வயது இருக்கும். இன்னொன்று வைத்துக்கொண்டால் 51. அந்த வயதில் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், சுவருக்குள் ஊறிய தீவுகளும் தீனி இல்லாமல் சுருங்கிவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு வருடங்களையும் அவளே எழுதி வைத்திருக்கிறாள்.